வாடகை முழுவதும் கழிவு என்றால் லீஸ்தான் லாபமா?

கேள்வி: அச்சகத்துக்கு ஒரு மெஷின் தேவை. லீஸ் எடுத்தால் வாடகை முழுவதையும் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கலாம், வாங்கினால் அது முடியாது என்கிறார் விற்பனையாளர். வங்கிக் கடன் 10% வட்டிக்குக் கிடைக்கும். நான் கட்டும் வரி 30%. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். சொந்தமாக வாங்கினாலும் தேய்மானமும் கடன் வட்டியும் செலவுக் கணக்கில் ஏறும். ஏறாதது தவணையில் இருக்கும் அசல் மட்டும்தான். ஆகவே கழிவு இரண்டு பக்கமும் உண்டு. அது எந்த ஆண்டில் கைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

மெஷின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை ஆண்டுக் கடைசியில் 23.5, ஐந்து ஆண்டுக்கு. வரி மிச்சம் போக உங்களுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 16.45. பின்னால் கொடுக்கும் பணத்துக்கு இன்று மதிப்புக் குறைவு. ஐந்து ஆண்டுச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர 10% போடாதீர்கள், 7% போடுங்கள். வட்டிக்கும் வரி மிச்சமாவதால் கடனுக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது அவ்வளவுதான். லீஸின் செலவு 67.4 என்று வரும்.

வாங்கினால் இன்றைக்கே 100. தேய்மானம் ஆண்டுக்கு 20 என்றால் வரியில் 6 மிச்சம். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு 24.6. கடைசியில் மெஷினை 15க்கு விற்றால், கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யமாகிவிட்டதால் அந்த 15க்கும் வரி விழும். மிஞ்சும் 10.5, இன்றைய மதிப்பில் 7.5. ஆக, செலவு 67.9. கிட்டத்தட்ட லீஸுக்குச் சமம். வட்டியின் வரி மிச்சத்தை இங்கே தனியாகக் கழித்துவிடாதீர்கள், 7% போட்டபோதே அது வந்துவிட்டது. கணக்குத் தெரிந்தவர்களே இந்த இடத்தில் சறுக்குவதுண்டு.

சரி, முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்க உங்கள் வரிச்சட்டம் அனுமதித்தால்? அந்த ஆண்டே 30 மிச்சம், செலவு 64.5 ஆக இறங்கும். அப்போது வாங்குவதுதான் நல்லது. ஆனால் அவ்வளவு கழிவைத் தாங்கும் லாபம் அந்த ஆண்டில் இருக்க வேண்டும்.

நஷ்டத்தில் ஓடி, வரியே கட்டாத தொழில் என்றால் கதை மாறும். அப்போது 10% தான் போட வேண்டும்: லீஸ் 89.1, வாங்கினால் 90.7. உங்களுக்குப் பயன்படாத தேய்மானத்தை லீஸ் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்கிறது. அதில் ஒரு பங்கு வாடகைக் குறைப்பாக உங்களுக்கு வந்தால்தான் லீஸ் கட்டுப்படியாகும்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். முடிவில் பெயருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து மெஷினைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், பல நாடுகளின் வரித்துறை அதை லீஸாகவே பார்க்காது, தவணை முறையில் வாங்கியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது விற்பனையாளர் சொன்ன முழு வாடகைக் கழிவும் கிடைக்காது, தேய்மானமும் வட்டியும்தான்.