90 நாள் தவணைக்குச் சரக்கு கொடுப்பவர்களின் கேள்விகள்

ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் 16 வருடம் இருந்தேன். இப்போது யோகட், ஜாம், மசாலாத்தூள் செய்கிற சிறிய ஆட்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: பெரிய கடைக்காரர் காசு தரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

தலவாக்கலை, யோகட் செய்பவர்: "அண்ணே, ஒரு சுப்பர்மார்க்கெட் மாதம் 10 இலட்சத்துக்கு எடுக்கிறோம் என்கிறது. காசு 90 நாளில். என் கையில் 12 இலட்சம் இருக்கிறது. காணுமா?"

காணாது தம்பி. முதலில், அந்த 90 நாள் எந்தத் திகதியிலிருந்து என்று கேளுங்கள். பல இடங்களில் மாதக் கடைசியிலிருந்துதான் எண்ணுவார்கள். அப்படியென்றால் 1ஆம் திகதி இறக்கிய யோகட்டுக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். 30ஆம் திகதி இறக்கியதற்குத்தான் உண்மையான 90 நாள். முதல் மாதத்து பில் எல்லாம் சேர்ந்து 120ஆவது நாளில்தான் காசாக வரும்.

இனி உங்கள் செலவு. பால், சீனி, கப், சம்பளம், லொறி எல்லாம் சேர்த்து 10 இலட்சம் விற்பனைக்கு 8 இலட்சம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26,700 ரூபாய். முதல் லொறி புறப்படுவதற்கு 5 நாள் முன்பே செலவு தொடங்கிவிடும், அதைக் கூட்டுங்கள். பால் தருகிறவர்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறைதான் கொடுக்கிறீர்கள், ஆனால் சீனிக்கும் கப்புக்கும் கைக்காசு. ஆகவே சராசரியாக 10 நாள் மட்டும் கழிக்கலாம். மிச்சம் 115 நாள். அதை 26,700ஆல் பெருக்கினால் 30 இலட்சத்துக்கும் மேல் வருகிறது. உங்கள் 12 இலட்சம் 45 நாள் செலவுக்குத்தான். ஓடர் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் மாதத்தின் நடுவில் பால் காசுக்குத் தடுமாறுவீர்கள்.

இன்னொன்று, இதை ஒருமுறை அடைத்துவிட்டு மறந்துவிடும் கடனாக நினைக்க வேண்டாம். 120ஆவது நாள் 10 இலட்சம் வந்ததும் அடுத்த மாதத்துச் சரக்குக்குள் 8 இலட்சம் போய்விடும். ஓடர் இருக்கும்வரை அந்தக் காசின் பெரும்பகுதி கடைக்காரரிடமே கிடக்கும். இலாபத்தை வெளியே எடுக்காமல் விட்டால் மாதத்துக்கு 2 இலட்சம் வீதம் கடன் குறையும், அவ்வளவுதான்.

நானுஓயா: "பால்காரர்களுக்கும் 45 நாளில் தருகிறேன் என்று சொன்னால் என்ன?"

லயத்தில் இரண்டு மாடு வைத்திருக்கிற ஆளுக்கு அந்த 15ஆம் நாள் காசுதான் தவிட்டுக்கும் கடைக் கணக்குக்கும். மறுநாளே பெரிய கம்பனியின் பால் சேகரிப்பு நிலையத்துக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வேண்டுமானால் கப் சப்ளை செய்கிறவரிடம் 30 நாள் கேட்டுப் பாருங்கள், அவர் தாங்குவார்.

ஹட்டன், அச்சாறும் மோல்டிவ் ஃபிஷ் சம்பலும் செய்பவர்: "பில்லைக் கொடுத்தால் ஃபைனான்ஸ் கம்பனி 80 சதவீதம் உடனே தருகிறது. மிச்ச 20 சதவீதத்துக்கு மட்டும் காத்திருந்தால் போதும் என்று அண்ணன் சொல்கிறார். சரிதானே?"

பாதி சரி. யோகட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 10 இலட்சத்து பில்லுக்கு 8 இலட்சம் முன்பணம். வட்டி வருடத்துக்கு 15 சதவீதம், சேவைக் கட்டணம் பில்லில் 1 சதவீதம் என்று வைப்போம். உங்களுக்குச் சொல்லும் வீதத்தைப் போட்டுத் திருப்பிக் கணக்கிடுங்கள். சராசரி காத்திருப்பு 105 நாள். வட்டி ஏறக்குறைய 34,500, கட்டணம் 10,000. மொத்தம் 44,500, அதாவது விற்ற விலையில் நாலரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 20 சதவீத இலாபத்தில் இது தாங்கும். 8 சதவீதத்தில் ஓடுகிற சரக்கென்றால் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

உங்கள் அண்ணன் பார்க்காத இடம் அந்த 20 சதவீதம். காலாவதியாகித் திரும்பி வந்தது, உடைந்தது, விலைக்குறைப்பு வாரத்தில் உங்கள் பங்கு, தட்டு வாடகை என்று கடைக்காரர் டெபிட் நோட் போட்டுக் கழிப்பார். 10 இலட்சத்துக்கு 80,000 கழிந்தால் அவர் தருவது 9 இலட்சத்து 20 ஆயிரம். அதில் முன்பணம் 8 இலட்சமும் 44,500உம் போனால் உங்கள் கைக்கு வருவது 75,500. நீங்கள் 2 இலட்சம் வருமென்று லொறி டயருக்குச் சொல்லி வைத்திருப்பீர்கள்! நான் கணக்குப் பார்த்த ஒருவருக்கு ஒரு மாதம் டெபிட் நோட் 20 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. மிச்சத்தை அவர்தான் ஃபைனான்ஸ் கம்பனிக்குக் கட்டினார்.

போவதற்கு முன் மூன்று தாள்களைப் பாருங்கள். ஒன்று ஜீஆர்என். சரக்கை எண்ணி வாங்கினோம் என்று களஞ்சியத்தில் கொடுக்கிற சீட்டு. உங்கள் பில்லில் 500 கப், ஜீஆர்என்னில் 480 என்றிருந்தால் பில் பொருந்தாமல் அப்படியே நின்றுவிடும், 90 நாள் 130 ஆகும். டிரைவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். இரண்டாவது, கடைக்காரரோடு நீங்கள் செய்த ஒப்பந்தம். பில்லை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இந்த வழி நடக்காது. மூன்றாவது, ஃபைனான்ஸ் கம்பனியின் தாள். குறிப்பிட்ட நாளுக்குள் கடைக்காரர் கட்டாவிட்டால் உங்களிடம் திருப்பிக் கேட்போம் என்று பெரும்பாலும் இருக்கும். எத்தனை நாள் என்று பாருங்கள். 120 என்று இருந்தால் மாதக் கடைசிக் கணக்குக்கு அது மட்டுமட்டுதான், கடைக்காரர் ஒரு நாள் பிந்தினாலும் போதாது.

மஸ்கெலியா: "ஐயா, வங்கியில் ஓடி, அதாவது மேலதிகப்பற்று, கேட்டால் காணி உறுதி கேட்கிறார்கள். நாங்கள் இருப்பது தோட்டத்து வீடு. உறுதிக்கு எங்கே போவது?"

இந்தக் கேள்வி நம் பக்கத்து ஆட்களிடமிருந்து அடிக்கடி வருவது. நான் வங்கியில் இருந்தபோதும் இதற்கு நல்ல பதில் என்னிடம் இருந்ததில்லை. ஆனால் பில் மேல் வாங்கும் முன்பணத்துக்கு முதல் ஈடு பில்தான், கடைக்காரரின் பெயர்தான். அதனால் உறுதி இல்லாதவருக்கு ஓடியைவிட இது கிட்டத்தில் இருக்கிறது. உத்தரவாதத்துக்கு இரண்டு பேர் கேட்பார்கள், அதற்கு ஆள் பாருங்கள். அதற்கு முன் உங்கள் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முச்சக்கரவண்டி லீசிங்கில் நிலுவை இருந்தால் யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். இப்படி நின்றுபோன பலரைப் பார்த்திருக்கிறேன், சிலருக்குத் தங்கள் பெயரில் நிலுவை இருப்பதே தெரியாது.

பண்டாரவளை, 20 வருடமாக ஜாம், கோர்டியல் செய்பவர்: "வங்கியும் வேண்டாம், ஃபைனான்ஸும் வேண்டாம். 30 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் குறைக்கிறேன் என்று கடைக்காரரிடமே சொல்லுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்."

அண்ணா சொல்வதுதான் பல இடங்களில் மலிவு. 105 நாளுக்குப் பதில் 30இல் வந்தால் 75 நாள் முந்துகிறது. 75 நாளுக்கு 2 சதவீதம் என்றால் வருடத்துக்குப் 10 சதவீதம் மாதிரி. 15 சதவீத வட்டியும் கட்டணமும் கொடுப்பதைவிட நல்லது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பில்லிலேயே 2 சதவீதத்தைக் கழித்து எழுதாதீர்கள். கழிவையும் எடுத்துக்கொண்டு 80ஆவது நாளில் காசு போடுகிற இடங்கள் உண்டு. பணம் 30 நாளுக்குள் கணக்கில் விழுந்த பிறகு அந்த 2 சதவீதத்துக்குக் கிரெடிட் நோட் கொடுங்கள். அண்ணாவுக்கு அந்தக் கடைக்காரருடன் 20 வருடப் பழக்கம். புதிதாக நுழைகிறவர் கேட்டால் கொள்வனவு அதிகாரி சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதுளை: "நாங்கள் 20 பேர் மாதம் 50,000 சீட்டு போடுகிறோம். முதல் சீட்டை நான் எடுத்தால் 10 இலட்சம், வட்டியும் இல்லை. இதுவே போதாதா அண்ணே?"

வட்டியில்லாத 10 இலட்சத்தை வேண்டாம் என்று நான் ஏன் சொல்ல? எடுங்கள். ஆனால் அடுத்த மாதமும் 50,000 கட்ட வேண்டும், கடைக்காரர் காசு நான்காம் மாதம்தான். அந்த மூன்று தவணை 150,000ஐயும் சீட்டுப் பணத்திலேயே ஒதுக்கி வையுங்கள். அப்போது அது எட்டரை இலட்சம்தான். தவறினால் வங்கி கடிதம் போடும். சீட்டில் தவறினால் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: "5 வட்டிக்கு வாங்கித்தான் மூன்று மாதம் ஓட்டினேன். அது அவ்வளவு மோசமா?"

8 இலட்சத்துக்கு மாதம் 40,000. மூன்றரை மாதத்துக்கு 140,000. 10 இலட்சம் விற்று 2 இலட்சம் இலாபம் வருகிற இடத்தில் 60,000தான் மிச்சம். டெபிட் நோட் 80,000 வந்தால் கைநட்டம். நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து அந்த ஆளை முதலில் தீருங்கள்.

லிந்துல: "ஐந்து வருடக் கடன் ஒன்று எடுத்து மொத்தமாக அடைத்துவிட்டால்?"

எப்போதும் கடைக்காரரிடம் கிடக்கும் பகுதிக்கு நீண்ட கடன் பொருந்தும், அதில் தப்பில்லை. தவணையை மட்டும் இலாபத்திலிருந்து கட்ட முடியுமா என்று பாருங்கள். முதல் நான்கு மாதம் அந்தக் கடைக்காரரிடமிருந்து ஒரு சதமும் வராது, ஆகவே அதுவரை வட்டி மட்டும் கட்டுகிறேன் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதே கடைக்காரர் அடுத்த வருடம் உங்களை நிறுத்திவிட்டு இன்னொருவரை எடுத்தால் கடன் உங்களோடு நிற்குமே என்றால், ஆம், நிற்கும். அதனால்தான் நான் பாதியை நீண்ட கடனாகவும் பாதியைப் பில் மேலும் வைக்கச் சொல்வேன். என்னோடு வேலை செய்த ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். எல்லாம் பில் மேல்தான் இருக்க வேண்டும் என்பார். அவரிடம் தோற்றும் இருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன்.

மறுபடியும் தலவாக்கலை: "அண்ணே, கேட்டுப் பார்த்தேன். மாதக் கடைசி இல்லையாம். ஜீஆர்என் திகதியிலிருந்து 90, மாதம் இரண்டு முறை பணம் போடுவார்களாம்."

அப்படியானால் முதல் காசு பிந்தினாலும் 105ஆவது நாளில் வரும். 115க்குப் பதில் 100 நாள். 26 இலட்சத்து 70 ஆயிரம். ஒரே கேள்வியில் 4 இலட்சம் குறைந்திருக்கிறது. 12 உங்களிடம் இருக்கிறது, இன்னும் 15 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தேட வேண்டும். முதல் மாதம் 6 இலட்சத்துக்கு மட்டும் எடுக்கச் சொன்னால் அதுவும் இறங்கும். ஆனால் இதை யார் சொன்னது, கொள்வனவு அதிகாரி வாயால் சொன்னாரா, ஒப்பந்தத் தாளில் இருக்கிறதா? தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.