கேள்வியில் குரலை ஏற்றாதீர்கள்: சீனத் தொனியில் தமிழர் தடுமாறுமிடம்

"புறக்கோட்டையில் போன் சாமான் மொத்தக்கடை வைத்திருக்கிறேன். சீனாவின் யீவு நகர வியாபாரிகளோடு நேரடியாகக் கதைக்க வேண்டுமென்று ஒரு வருடமாகச் சீன வகுப்புக்குப் போகிறேன். 'இது விற்பனைக்கா' என்று நான் கேட்டால், 'இதை வாங்குகிறீர்களா' என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு முழிக்கிறார்கள். என் காதுக்கு நான் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. தனியாகக் காசு கட்டி உச்சரிப்பு வகுப்பில் சேரட்டுமா?"

இப்போதைக்குச் சேர வேண்டாம். உங்கள் சிக்கல் நாக்கில் இல்லை, தமிழில் கேள்வி கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது. அதை வீட்டிலிருந்தே கண்டுபிடித்துத் திருத்தலாம்.

நீங்கள் சொன்ன வாக்கியம் 'ஜகெ மாய் மா' என்பதாகத்தான் இருக்கும். அதில் 'மாய்' நான்காம் தொனியில் வந்தால் விற்பது, மூன்றாம் தொனியில் வந்தால் வாங்குவது. மாண்டரின் சீனத்தில் தொனி என்பது ஒரே அசைக்குள் குரல் எந்த உயரத்தில் தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பது. சாவோ யுவான்ரென் என்ற மொழியியலாளர் 1930இல் இதற்கு ஐந்து படி கொண்ட ஓர் அளவு கொடுத்தார், 1 அடி, 5 உச்சி. அந்த அளவில் நான்காம் தொனி 5இலிருந்து 1க்கு விழுகிறது. மூன்றாம் தொனியைப் பாடநூல்கள் 2-1-4 என்று எழுதுகின்றன, அதாவது இறங்கி மீண்டும் ஏறுவது. இந்தப் படிகள் அவரவர் குரலுக்குள்ளேயே அளக்கப்படுபவை. ஆணின் 5ஆம் படி ஒரு பெண்ணின் 2ஆம் படியை விடத் தாழ்வாக இருக்கலாம், அதனால் ஆசிரியையின் குரல் உயரத்தைப் பிடிக்க முயல வேண்டாம்.

இனி உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் "இது விற்பனைக்கா?" என்று கேட்கும்போது குரல் எங்கே ஏறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். முடிவில். கேள்வியில் மட்டுமல்ல, "கடைக்குப் போய், சாமானை எடுத்து, பில்லைப் போட்டு" என்று சாதாரணமாகச் சொல்லும்போதும் ஒவ்வொரு துண்டையும் தாழத் தொடங்கி முடிவில் சற்று ஏற்றித்தான் விடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு 'மாய் மா' என்று கேட்டால் 'மாய்' தாழத் தொடங்கி மேலே போகிறது. உச்சியிலிருந்து விழவேண்டிய அசை அடியிலிருந்து ஏறுகிறது. சீனக் காதுக்கு அது மூன்றாம் தொனிக்குக் கிட்ட நிற்கிறது, அதனால் 'வாங்குவது' என்று விளங்குகிறது. அவர்கள் உங்களைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

சீனத்தில் கேள்வியென்று காட்டும் வேலையைக் கடைசியில் வரும் 'மா' செய்துவிடுகிறது. சீனர்களும் கேள்வியில் குரலைத் தூக்குவதுண்டு, ஆனால் வாக்கியம் முழுவதையும் சேர்த்துக் கொஞ்சம் மேலே வைப்பார்கள், அதற்குள் விழவேண்டிய அசை விழுந்தே ஆகும். நீங்கள் 'மாய்' என்பதை ஒரு வேலையாளுக்குச் சட்டென்று "வை!" என்று கட்டளையிடுவது போலச் சொல்லிவிட்டு, 'மா'வை அதன்மேல் எந்த அழுத்தமும் இல்லாமல் விடுங்கள். முதலில் அது மரியாதையில்லாமல் கேட்பது போல இருக்கும், அப்படித் தோன்றுவதும் தமிழ்க் காதுக்கு மட்டும்தான்.

அப்படியானால் உங்கள் காதுக்கு ஏன் அது சரியாகப் பட்டது? தொனி இல்லாத மொழியில் வளர்ந்த காது குரலின் உயரம் தாழ்வைப் பிடித்துவிடும், ஆனால் ஓர் அசைக்குள் குரல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைச் சொல்லோடு சேர்த்து வைக்காது. அதைக் கோபம், சந்தேகம், கேள்வி என்று வேறு கணக்கில் போட்டுவிடும். "கேட்டுக் கேட்டுக் காது பழகும்" என்று சொல்லி வருடக்கணக்கில் ஆட்களை உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. கண்ணால் பார்க்க வசதி இருக்கும்போது ஏன் காதை மட்டும் நம்ப வேண்டும்?

இரண்டாவது தவறு வகுப்பிலேயே பிறக்கிறது. மூன்றாம் தொனியை இறங்கி ஏறும் வளைவாகக் கரும்பலகையில் வரைந்து, தலையையும் சேர்த்து ஆட்டச் சொல்வார்கள். தனியாகவோ வாக்கியத்தின் முடிவிலோ வரும்போது அந்த ஏற்றம் கேட்கலாம். நடுவில் வரும்போது கிட்டத்தட்ட எப்போதும் அது வெறும் தாழ்ந்த குரல்தான், ஏறுவதே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், வியாபாரத்தில் காசு போவது இங்கேதான். மூன்றாம் தொனிக்குப் பிறகு இன்னொரு மூன்றாம் தொனி வந்தால், முதலாவது ஏறும் தொனியாக மாறிவிடும். 'நான்' என்பதற்கான 'வோ' மூன்றாம் தொனி. "நான் மூன்று வாங்குகிறேன்" என்பது 'வோ மாய் சான் கெ'. இங்கே 'வோ' ஏறுகிறது, 'மாய்' அடியில் தங்குகிறது, 'சான்' உச்சியில் நிற்கிறது. "நான் மூன்று விற்கிறேன்" என்பதும் அதே 'வோ மாய் சான் கெ'தான், ஆனால் இப்போது 'மாய்' நான்காம் தொனி, ஆகவே 'வோ' ஏறாமல் தாழ்ந்தே கிடக்கும், 'மாய்' உச்சியிலிருந்து விழும். அதாவது வாங்குவதா விற்பதா என்ற துப்பு 'மாய்'க்கு முந்திய அசையிலேயே கிடைத்துவிடுகிறது. 'வோ'வைச் சரியாகச் சொன்னால் 'மாய்' கொஞ்சம் பிசகினாலும் எதிரே இருப்பவர் ஊகித்துக்கொள்வார், 'வோ'வும் பிசகினால் முடிந்தது கதை. மூன்று மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால், "வாங்க விரும்புகிறேன்" என்னும் 'வோ சியாங் மாய்' போல, நடுவிலுள்ள 'சியாங்' கட்டாயம் ஏறும். 'வோ'வை நிறுத்திச் சொன்னால் தாழ்ந்தே இருக்கலாம், வேகமாகச் சொன்னால் அதுவும் ஏறும், இரண்டும் சரி. தொனி மாறும் வேறு சில சொற்களும் உண்டு, அவற்றை இப்போது விட்டுவிடுங்கள்.

கண்ணால் பார்க்கும் வழி இது. Praat என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போடுங்கள். New என்பதில் Record mono Sound... மூலம் 'ஜகெ மாய் மா' என்று பதிந்து, Save to list கொடுத்து, View & Edit திறந்தால் குரல் உயரம் ஒரு கோடாக வரும். ஆண் குரலுக்குக் கீழெல்லை 75, மேலெல்லை 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100, 500 என்று வையுங்கள். இல்லாவிட்டால் கோடு பொய்யாகத் துள்ளலாம். பாடநூல் ஒலிப்பதிவின் அதே வாக்கியத்தையும் திறந்து, எண்ணை விட்டு வடிவத்தை மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் 'மாய்' கோடு செங்குத்தாய் இறங்காமல் ஏறினால் பிழை அங்கேதான்.

ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன். கொழும்புத் துறைமுக நகரத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை வாங்கித் தருகிறோம் என்று ஒரு மாத வகுப்பு விற்கும் ஏஜென்ட்கள் சீன வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், தொனிக் குறி ஒன்றுகூட இல்லாமல். வாங்குவதும் விற்பதும் ஒரே 'மாய்' என்று படித்தவர் எந்தப் பேரத்தில் நிற்பார்? அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். சான்றிதழ் காட்டுகிறவர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். எச்எஸ்கே என்னும் சீன மொழித் திறன் தேர்வின் கேட்டல், வாசிப்புத் தாள்கள் வாயைச் சோதிப்பதில்லை, பேச்சுக்கு எச்எஸ்கேகே என்று தனித் தேர்வு இருக்கிறது. ஆசிரியரை அமர்த்துவதானால், நீங்கள் 'வோ மாய் சான் கெ'யை இரண்டு விதமாகவும் சொல்லிப் பதிந்து கொடுங்கள், அவரே அந்தப் பதிவைக் கேட்டு எது வாங்குவது, எது விற்பது என்று பிரித்துச் சொல்லட்டும். பிரித்துச் சொல்ல மறுக்கிறவருக்குக் காசு கட்ட வேண்டாம்.

கடைசியாக, Praatஇல் மூன்றாம் தொனியின் அடிப்பகுதியில் கோடு அறுந்தாலோ திடீரென்று பாதி உயரத்துக்குக் குதித்தாலோ பயப்படாதீர்கள். அவ்வளவு தாழ்வில் தொண்டை கரகரப்பதுண்டு, மென்பொருளால் அதைச் சரியாகப் பின்தொடர முடியாது, சீனர்களின் பதிவிலும் அது அடிக்கடி அறுந்து வரும்.