சிஎஸ்ஆர் பணம்: "திருப்பித் தரணும்"கிற ஷரத்துல கவனிக்க வேண்டியது

கேள்வி: எங்க டிரஸ்ட்டுக்கு ஒரு கம்பெனி சிஎஸ்ஆர்ல 8 லட்சம் தர்றாங்க. "தவறா பயன்படுத்தினா வட்டியோட திருப்பித் தரணும்"னு அக்ரிமெண்ட்ல இருக்கு, கையெழுத்து போடலாமா?

போடலாம், ஆனா "தவறா"ன்னா என்னன்னு அந்த பேப்பர்லயே எழுதி வாங்கிட்டு போடுங்க. யாராவது பணத்தை சுருட்டினாத்தான் தப்புன்னு நாமளும் நெனச்சோம், அங்கதான் மாட்டினோம்.

நாங்க ஒரு கிராமத்து ஸ்கூலுக்கு டாய்லெட் கட்ட ஒரு கம்பெனிகிட்ட சிஎஸ்ஆர்ல 6 லட்சம் வாங்கினோம், மொத தவணை 3,60,000, அதுக்கு செலவுக் கணக்கும் ஆடிட்டர் கையெழுத்து போட்ட யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டும் குடுத்தப்புறம் மிச்சம் 2,40,000. பட்ஜெட்ல மோட்டாருக்கும் டேங்குக்கும் 80,000 இருந்துச்சு, பஞ்சாயத்துலயே மோட்டார் போட்டுக் குடுத்துட்டாங்க, டேங்க், பைப்புக்கு 28,000தான் ஆச்சு. மிச்சம் 52,000க்கு பசங்க குடிக்கட்டுமேன்னு ஆர்.ஓ. மெஷின் வாங்கி வச்சோம். பில்லு பக்கா, பேங்க் டிரான்ஸ்ஃபர்தான், மெஷினும் ஓடுது. ஆனா பட்ஜெட்ல ஆர்.ஓ.ன்னு ஒரு வரி கூட கிடையாதே, கம்பெனியோட ஆடிட்டர் அதை "வேற வேலைக்குத் திருப்பின பணம்"னு எழுதிட்டார், வட்டியும் சேர்த்து கேட்டாங்க.

கோபம் வந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது. போர்டு சொன்ன வேலைக்கு, சொன்ன விதத்துலதான் பணம் செலவாச்சுன்னு கம்பெனியோட நிதி அதிகாரி சிஎஃப்ஓ கையெழுத்து போடணும்னு சிஎஸ்ஆர் விதியிலயே இருக்கு, அவங்க நெனச்சாலும் "சரி விடுங்க"ன்னு சொல்ல முடியாது. நாங்க வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெயில் போட்டு சம்மதம் கேட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். கடைசில கெஞ்சி வட்டியை தள்ளுபடி பண்ண வச்சோம், 52,000ஐ ரெண்டாவது தவணைல கழிச்சிக்கிட்டு 1,88,000 போட்டாங்க, ஆர்.ஓ. காசு டிரஸ்டிங்க பாக்கெட்லேர்ந்து போச்சு.

அதனால நீங்க கேக்க வேண்டியது, பட்ஜெட்ல ஒரு செலவு ஹெட்லேர்ந்து இன்னொரு ஹெட்டுக்கு 10 சதவீதம் வரைக்கும் நாங்களே மாத்திக்கலாம், அதுக்கு மேல மெயில் சம்மதம் போதும்னு ஒரு வரி. அப்புறம், திருப்பித் தர்றது தவறா போன தொகையை மட்டும், மொத்த 8 லட்சத்தையும் இல்ல, அதுவும் நோட்டீஸ் குடுத்து 30 நாள்ல சரி பண்ண வாய்ப்பு தந்த பிறகுன்னு. செலவாகாம மிஞ்சின பணத்தையும் தவறா போன பணத்தையும் ஒரே ஷரத்துல போட்டிருந்தா பிரிக்கச் சொல்லுங்க, மிஞ்சினதுக்கு எதுக்கு வட்டி? டிரஸ்டி சொந்த பொறுப்புல தர்றதா எங்கயாவது எழுதியிருந்தா அடிச்சிட்டு, டிரஸ்ட் சீல் வச்சு டிரஸ்ட் சார்பாதான் கையெழுத்து போடணும்.

இதெல்லாம் கேட்டா பணம் போயிடுமோன்னு பயப்படாதீங்க, எங்க அடுத்த அக்ரிமெண்ட்ல கேட்டோம், 10 சதவீதத்தை 5ஆ குறைச்சாங்க, மத்ததை அப்படியே ஒத்துக்கிட்டாங்க. இப்போ பில்லு வந்ததும் "இன்ன ஃபண்டுல செலவழிச்சது"ன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, எந்த ஹெட்னு பேனாவுல எழுதிட்டுத்தான் ஃபைல்ல போடுறோம்.