மெட்டி போட்ட காலுக்கு டின்னர் செருப்பு

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். காலையில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் முகூர்த்தம், மாலையில் ஹோட்டலில் டின்னர். டின்னருக்கு லெஹங்கா. ஆறரையிலிருந்து பதினொரு மணி வரை நிற்க வேண்டியிருக்கும், நடுவில் தோழிகளோடு ஆட்டமும் உண்டு. ஆன்லைனில் நான்கு அங்குலப் பென்சில் ஹீல்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் மூடியது, 160 வெள்ளி. உள்ளே ஜெல் வைத்தால் சமாளிக்கலாம் என்கிறாள் அக்கா. வாங்கலாமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: வேண்டாம். ஹீலின் உயரத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் மெட்டி இருக்கிறது.

காலையில் அம்மி மிதித்து மெட்டி போட்டபிறகு உங்கள் இரண்டாவது விரல் முன்பிருந்த அளவில் இருக்காது. முன்பக்கம் கூர்ந்து மூடிய காலணிக்குள் அந்த விரலுக்கு இடமே இல்லை. மெட்டியின் விளிம்பு மேல் தோலையும் பக்கத்து விரல்களையும் அழுத்தும். அன்றுதான் போட்ட மெட்டி என்பதால் விரலுக்கும் அது பழகியிருக்காது. முகூர்த்தத்தின்போது வெறுங்காலோடு நின்று, அப்புறம் பகல் முழுவதும் அலைந்த பாதம் மாலையில் சற்று வீங்கியும் இருக்கும். சாதாரண நாளில் சரியாக இருக்கும் காலணியே அன்று இறுக்கும்போது, மூடிய முனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே முன்பக்கம் திறந்த செருப்பைப் பாருங்கள். அதிலும் பட்டை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். விரல்களின் மேலேயே குறுக்காக ஓடினால் மெட்டியை அழுத்தும். விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டின் மேல் சற்று அகலமாக உட்கார வேண்டும். கட்டைவிரலுக்கும் இரண்டாவது விரலுக்கும் நடுவில் குச்சி வரும் மாடல் வேண்டவே வேண்டாம். கடையில் மெட்டி போட்டுப் பார்க்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதே தடிமன் வரும்வரை விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு போங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது உயரம். குதிகால் ஏற ஏற உடலின் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. நீண்ட நேரம் நின்றால் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேடு எரிவது இதனால்தான். ஆனால் ஹீல் எத்தனை அங்குலம் என்பது மட்டும் கணக்கில்லை. முன்பக்க அடிப்பாகத்தின் தடிமனையும் கழித்துப் பார்க்க வேண்டும். மூன்று அங்குல ஹீல், முன்னால் முக்கால் அங்குல அடி என்றால் கால் உணரும் சரிவு இரண்டே கால் அங்குலம்தான். நீங்கள் பார்த்து வைத்திருப்பதில் முன்பக்கம் மெல்லியதாக இருந்தால் நான்கு அங்குலச் சரிவும் அப்படியே காலுக்கு வரும். அதற்காக முன்பக்கத்தை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்திய மாடலுக்குத் தாவாதீர்கள். சரிவு குறைந்தாலும் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் கணுக்கால் மடங்கினால் சுளுக்குதான், ஆட்டத்தின்போது அதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டிலிருந்து இரண்டரை அங்குலச் சரிவு, சதுரமான தடித்த ஹீல் அல்லது வெட்ஜ். என்னைக் கேட்டால் நாலரை மணி நேரம் நிற்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. லெஹங்காவுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

பின்பக்கப் பட்டை இருக்கிறதா என்பது பலருக்குத் தோன்றாத விஷயம். பின்னால் பிடிப்பில்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்குத் தெரியாது, மேடையில் இரண்டு மணி நேரம் கழித்து விரல் பிடித்து இழுக்கும்போது தெரியும். கணுக்காலைச் சுற்றிப் பக்கிளோடு வரும் பட்டை நல்லது. ஆனால் கொலுசு அதில் மாட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கல் வைத்த பட்டை என்றால் உள்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். முரடாக ஏதாவது தட்டுப்பட்டால், அது உங்கள் காலிலும் தட்டுப்படும்.

ஜெல்லைப் பற்றி அக்கா சொன்னது பாதி சரி. தட்டையான அடியில் மெல்லிய ஜெல் கொஞ்சம் உதவும். ஆனால் அது காலணிக்குள் இடத்தைப் பிடிக்கும், ஏற்கெனவே இறுக்கமானதை இன்னும் இறுக்கமாக்கும். திறந்த செருப்பில் வியர்வையில் வழுக்கி வெளியே எட்டிப் பார்க்கவும் செய்யும். அதைவிட, முன்பாதம் விழும் இடத்தில் ஏற்கெனவே மெத்தை வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குவது மேல்.

கடைக்கு வேலை முடிந்து மாலையில் போங்கள். போகும் முன் நின்றபடி இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை அந்தக் கோட்டின்மேல் வைத்தால், காலின் கோடு பக்கவாட்டில் வெளியே தெரிகிறதா என்பது உடனே புலப்படும். தெரிந்தால் பெரிய எண் கேட்பதைவிட அகலமான மாடலைக் கேளுங்கள். எண் மட்டும் கூடினால் பாதம் முன்னால் சறுக்கும். பிறகு செருப்பை மேசையில் வைத்து ஹீலை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள், ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போட்டுக்கொண்டு கம்பளத்தில் இல்லாமல் வெறும் தரையில் பத்து நிமிடம் நில்லுங்கள், இரண்டு தரம் சுற்றித் திரும்புங்கள். அடிப்பாகம் வழவழவென்று இருந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மெல்லிய ரப்பர் ஒட்டச் சொல்லலாம்.

இதையெல்லாம் தையல்காரரிடம் போவதற்கு முன் முடிக்க வேண்டும். சேலை என்றால் கட்டும்போது ஏற்றி இறக்கிவிடலாம். லெஹங்காவின் நீளம் ஒருமுறை மடித்துத் தைத்தால் அவ்வளவுதான். கடைசி அளவுக்கு அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே போங்கள். ஆட்டத்துக்கு மட்டும் தட்டைச் செருப்பு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று அங்குலத்துக்குத் தைத்த பாவாடை அப்போது தரையில் புரளும், காலுக்கடியில் மாட்டும். மாற்றுச் செருப்பு வேண்டும் என்றால் உயரம் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படாத வெட்ஜ் வாங்குங்கள்.

உறவினர் வீட்டு அலமாரியிலிருந்து யாராவது பழைய ஜோடியைக் கொடுத்தால் கவனம். பாலியுரித்தேன் அடி நம் ஊர் ஈரப்பதத்தில், போடாமல் வைத்திருந்தாலும், சில வருடங்களில் உதிர்ந்துவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி ஒட்டினாலோ மேடை வரைகூடத் தாங்காது.

பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 160 வெள்ளி கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். 2012 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் குறையுள்ள பொருளுக்கானது. வாங்கிய 6 மாதத்துக்குள் ஹீல் பெயர்ந்தாலோ பட்டை அறுந்தாலோ அந்தக் குறை முதலிலேயே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். காலைக் கடிக்கிறது, அளவு சரியில்லை என்பதெல்லாம் இதில் வராது, அவை கடையின் விதிமுறைப்படிதான். எத்தனை நாளுக்குள் மாற்றலாம், சலுகை விலையில் வாங்கியதற்கும் அது உண்டா என்று வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டில் பழகுவதற்கு அடியில் டேப் ஒட்டி, விரிப்பின்மேல் மட்டும் நடங்கள். கீறல் விழுந்த செருப்பை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.