மீமுக்கு மேலே கோடா, கீழே கோடா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: ஐயா, இந்த வயதில் அரபு எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மத்ரஸா, மக்தபா, மத்பக் என்று பள்ளி, நூலகம், சமையலறை எல்லாம் 'ம'வில் தொடங்குகின்றன. சாவி மட்டும் மிஃப்தாஹ். இதில் ஒழுங்கு உண்டா, மனப்பாடம்தானா?

ஒழுங்கு உண்டு ஐயா. மீம் என்ற எழுத்தின் மேலே கோடு போட்டால் 'ம'; அது செயல் நடக்கும் இடத்தைச் சொல்லும். கீழே போட்டால் 'மி'. அது செயலுக்கு உதவும் கருவியைச் சொல்லும். தபக என்றால் சமைத்தான். சமைக்கும் இடம் மத்பக். கனஸ என்றால் பெருக்கினான். பெருக்கும் கருவியாகிய துடைப்பம் மிக்னஸா. ஃபதஹ என்றால் திறந்தான். திறக்கும் கருவி மிஃப்தாஹ்.

தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்லி வகுப்பு நடத்தியவர் நீங்கள். அரபு இலக்கணக்காரர்களும் அப்படித்தான், 'செய்தான்' என்ற பொருளுள்ள ஃபஅல என்ற சொல்லையே வாய்பாடாக வைத்துக்கொண்டார்கள். இடத்துக்கு மஃப்அல், மஃப்இல், மஃப்அலா. கருவிக்கு மிஃப்அல், மிஃப்அலா, மிஃப்ஆல். அரம் மிப்ரத், துடைப்பம் மிக்னஸா, ரம்பம் மின்ஷார் என்று மூன்று கருவி வாய்பாடுகளுக்கும் ஆளுக்கொரு சொல் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வினை எந்தக் கருவி வாய்பாட்டை எடுக்கும் என்பதற்கு விதி கிடையாது. இடப்பெயரின் பொருளும் அப்படித்தான். மக்தப், மக்தபா இரண்டும் 'எழுதினான்' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. முன்னது மேசை அல்லது அலுவலகம், பின்னது நூலகம் அல்லது புத்தகக் கடை. நம் ஊரில் சிறுவர் குர்ஆன் ஓதும் இடத்தையும் மக்தப் என்கிறோம். எது எங்கே போய் நிற்கும் என்பதை வழக்குதான் முடிவு செய்திருக்கிறது. அந்த அளவுக்கு மனப்பாடம் தப்பாது.

அரபுக் கல்லூரி மாணவர்: அஸ்ஸலாமு அலைக்கும் உஸ்தாத். மக்தப், மத்கல் என்று நடு எழுத்துக்கு 'அ' ஒலி தரும் மேல்கோடாகிய ஃபத்ஹு வருகிறது. மஜ்லிஸ், மன்ஸில் என்றால் 'இ' ஒலி தரும் கீழ்க்கோடாகிய கஸ்ரு வருகிறது. தேர்வில் எப்போதும் இங்கேதான் மதிப்பெண் போகிறது.

வஅலைக்குமுஸ்ஸலாம். இறந்தகாலத்தைப் பார்த்து ஊகிப்பதால்தான் போகிறது, தம்பி. நிகழ்கால வினையைப் பாருங்கள். அதன் தலையிலுள்ள 'ய'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ம'வை வையுங்கள். யஜ்லிஸு, உட்காருகிறான்: நடுவில் கஸ்ரு இருக்கிறது, அது அப்படியே தங்கும், மஜ்லிஸ். யன்ஸிலு, மன்ஸில். யல்அபு, விளையாடுகிறான்: நடுவில் ஃபத்ஹு, ஆகவே மைதானம் மல்அப்.

நடுவில் 'உ' ஒலி தரும் ளம்மு இருந்தால்தான் சிக்கல். யத்குலு, நுழைகிறான். 'மத்குல்' என்று அரபு மொழி பொதுவாக இடப்பெயர் அமைப்பதில்லை. ளம்மு விலகி ஃபத்ஹு வந்து உட்காரும்: மத்கல், நுழைவாயில். யக்துபு மக்தப் ஆனதும், யத்ருஸு மத்ரஸா ஆனதும் இப்படித்தான்.

இந்தக் கணக்குக்கு அடங்காத இரண்டு கூட்டங்கள் உண்டு. வினையின் முதல் எழுத்து வாவ் என்றால், நிகழ்காலம் எப்படி இருந்தாலும் கஸ்ருதான். வளஅ, வைத்தான், அதன் நிகழ்காலம் யளஉ, ஃபத்ஹுதான் இருக்கிறது, ஆனாலும் இடம் மவ்ளிஉ. கடைசி எழுத்து வாவ் அல்லது யா என்றால் எப்போதும் ஃபத்ஹு. யர்மீ, எறிகிறான் என்பதில் கஸ்ரு இருந்தும், எறியும் இலக்கு மர்மா. கால்பந்து வர்ணனையில் கோலுக்குச் சொல்வது இதே சொல். தேர்வுத்தாளில் முதலில் வாவையும் யாவையும் தேடுங்கள், பிறகு நடு எழுத்துக்கு வாருங்கள்.

ஒரு மௌலவி: அப்படியானால் யஸ்ஜுது என்பதற்கு மஸ்ஜத் அல்லவா வரவேண்டும்? மஸ்ஜித் என்கிறோம். குர்ஆனில் வரும் இடப்பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றே நான் பாடம் நடத்துகிறேன்.

முதல் பாதி சரி ஹஜ்ரத். மஸ்ஜித், கிழக்காகிய மஷ்ரிக், மேற்காகிய மக்ரிப் மூன்றுக்கும் வினையில் ளம்மு இருக்கிறது. விதிப்படி ஃபத்ஹு வரவேண்டும், கஸ்ரு வந்திருக்கிறது. இவற்றைப் போல இன்னும் சில சொற்களை இலக்கண நூல்கள் பட்டியலிடுகின்றன. ஆனால் அவை குர்ஆனில் வருவதால் விலகியவை அல்ல. அரபுகள் அப்படிப் பேசினார்கள். குர்ஆன் அவர்கள் மொழியில் வந்தது. மஸ்ஜித் பற்றி அரபு இலக்கண அறிஞர் ஸீபவைஹி சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தது: அது ஸஜ்தா செய்யும் ஏதோ ஓர் இடத்தின் பெயராக நில்லாமல், ஒரு கட்டடத்தின் பெயராகிவிட்டது. நெற்றி படும் இடத்தைச் சொல்ல விரும்பினால் மஸ்ஜத் என்றே சொல்லலாம்.

குர்ஆனுக்குள்ளேயே உங்கள் கருத்தைச் சோதிக்க ஒரு சொல் இருக்கிறது. தலஅ, உதித்தான்; யத்லுஉ. நாம் ஓதும் முறையாகிய ஹஃப்ஸ் கிராஅத்தில், கஹ்ஃப் அத்தியாயம் 18:90 வசனத்தில் சூரியன் உதிக்கும் இடம் 'மத்லிஅ' என்று கஸ்ருவுடன் வருகிறது. கத்ர் அத்தியாயம் 97:5 வசனத்தில் வைகறை உதிப்பது 'மத்லஇ' என்று ஃபத்ஹுவுடன் வருகிறது. முன்னது இடம், பின்னது உதித்தல் என்ற செயல் அல்லது அதன் நேரம் என்று பலர் பிரித்துக் காட்டுகிறார்கள். அழகான விளக்கம். ஆனால் இன்னொரு கிராஅத்தின் இமாமான கிஸாயீ 97:5 வசனத்தையும் கஸ்ருவுடனேயே ஓதியிருக்கிறார். ஆகவே அந்தப் பிரிவினையை இரும்புச் சட்டமாக நடத்த வேண்டாம்.

வீட்டுக்காரம்மா ஒருவர்: எங்கள் வீட்டு முகப்பில் மாமனார் பெயருடன் 'மன்ஸில்' என்று பொறித்திருக்கிறோம். உருது தெரிந்த வாடகைதாரர், மன்ஸில் என்றால் மாடி அல்லது போய்ச்சேரும் இடம், வீடு அல்ல என்கிறார். கல்லை மாற்றவேண்டுமா?

வேண்டாம் சகோதரி, கல்வெட்டுக்காரருக்கு வீண் செலவு. நஸல என்றால் இறங்கினான், தங்கினான். பயணி ஒட்டகத்திலிருந்து இறங்கித் தங்கும் இடம் மன்ஸில். அரபில் இன்றும் வீட்டுக்கு அதுதான் சொல். உருது அதைப் பயணத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. உங்கள் வாடகைதாரர் சொல்வது அவருடைய மொழியில் சரி.

சார்ஜாவில் பணிபுரிபவர்: பாய், நான் குளிர்சாதனப் பொருட்கள் பழுதுபார்ப்பவன். ஃபிரிட்ஜ் தல்லாஜா, வாஷிங் மெஷின் கஸ்ஸாலா, ஏசி முகய்யிஃப். எல்லாம் கருவிதான், ஒன்றில்கூட 'மி' இல்லையே?

நீங்கள் கையில் எடுக்கும் பொருட்கள் எல்லாம் புதியவை, அதுதான் காரணம். பழைய மூன்று வாய்பாடுகள் கைக்கருவிக் காலத்தில் உருவானவை. இயந்திரங்கள் வந்தபோது அரபுகள் ஃபஅஆலா என்ற வேறொரு வாய்பாட்டை எடுத்தார்கள். அது ஒரு செயலை ஓயாமல் செய்பவரைக் குறிப்பது. துணி துவைப்பவர் கஸ்ஸால். தானாகத் துவைக்கும் இயந்திரத்துக்கு அதுவே பொருந்திவிட்டது. ஸல்ஜ் என்று நாம் எழுதும் பனிக்கட்டியிலிருந்து தல்லாஜா. 1932இல் தோன்றிய கெய்ரோ அரபு மொழிக் கழகம் இந்த வாய்பாட்டையும் கருவிப்பெயருக்கு உரியதாக ஏற்றுக்கொண்டது. யூஸுஃப் அத்தியாயத்தில் கிணற்றருகே வந்த பயணக் கூட்டத்துக்கு ஸய்யாரா என்றுதான் பெயர். இன்று அதே சொல் கார்.

முகய்யிஃப் இன்னொரு வழி. அது 'சீராக்குவது' என்ற பொருளில் செய்பவரைக் குறிக்கும் வடிவம். இயந்திரத்தின் எஞ்சினுக்கு முஹர்ரிக், அசைப்பது, என்பதும் அப்படியே.

'மி' செத்துவிடவில்லை. உங்கள் அறையிலேயே தேடுங்கள். மின்விசிறி மிர்வஹா, இஸ்திரிப் பெட்டி மிக்வா, கரண்டி மில்அகா. நீங்கள் ஏறிப்போகும் லிஃப்ட் மிஸ்அத். அந்தப் பொருள் புதியது, வாய்பாடு பழையது.

அதே மாணவர்: உஸ்தாத், துடைப்பங்கள் மகானிஸ், சாவிகள் மஃபாதீஹ். பன்மையில் 'ம' வருவதால், அங்கே அவை இடப்பெயர் ஆகிவிடுகின்றன என்று நண்பன் சொல்கிறான். சரியா?

இல்லை. ஆனால் உங்கள் நண்பர் கண்டுபிடித்த இடம் நல்ல இடம். பன்மையில் இடத்துக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடுகிறது. மன்ஸிலின் பன்மை மனாஸில். அரிவாளாகிய மின்ஜலின் பன்மை மனாஜில். இரண்டும் ஒரே வாய்பாடு. ஒருமையைத் தெரிந்துகொள்ளாமல் எது எதுவென்று சொல்ல முடியாது.

அதனால் வரும் விளைவை அன்ஆம் அத்தியாயம் 6:59 வசனத்தில் பாருங்கள். மறைவானவற்றின் 'மஃபாதிஹ்' அவனிடமே உள்ளன என்கிறது. மிஃப்தாஹின் பன்மை நெடிலோடு மஃபாதீஹ் என்று வரவேண்டும், இங்கே குறில். அப்படியானால் ஒருமை என்ன? மீமுக்குக் கீழே கோடு போட்டு மிஃப்தஹ் என்றால், அதுவும் சாவிதான். மேலே போட்டு மஃப்தஹ் என்றால் பொருள் வைக்கும் கருவூலம். உரையாசிரியர்கள் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். காரூனின் செல்வத்தைப் பேசும் 28:76 வசனத்திலும் இதே சொல். அங்கேயும் பலசாலிகள் கூட்டத்தால் தூக்க முடியாமல் தள்ளாடியது சாவிகளா, கருவூலங்களா என்று இரு கருத்து உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பில் சாவி என்று படித்துப் பழகியதால் நமக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

அரபுப் பாடம் படிக்கும் செவிலியர்: மருத்துவமனை முஸ்தஷ்ஃபா. இதில் 'மு' வருகிறதே?

வினை நீண்டுவிட்டதால். மூன்றெழுத்துக்கு மேற்பட்ட வினைகளில் இடப்பெயருக்குத் தனி வாய்பாடு இல்லை. செயப்பாட்டு வடிவமே இடத்தையும் குறிக்கும். குணம் தேடும் இடம் முஸ்தஷ்ஃபா, உங்கள் ஆய்வகம் முக்தபர், சோதிக்கும் இடம். முக்தபர் என்றால் சோதிக்கப்பட்ட பொருள் என்றும் படிக்கலாம், வாக்கியம்தான் சொல்லும்.

ஒரு மௌலவி: கடைசியாக ஒன்று. மிம்பர் என்பது இமாம் ஏறி நிற்கும் இடம். அதில் ஏன் கஸ்ரு?

நபர என்றால் உயர்த்தினான். பேசுபவரை உயர்த்திக் காட்டும் சாதனம் என்பதால் கருவி வாய்பாடு வந்தது என்பது இலக்கணக்காரர்களின் விடை. எத்தியோப்பிய கீஸ் மொழியில் இருக்கைக்கு மன்பர் என்ற சொல் இருப்பதைக் காட்டி, அங்கிருந்து வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அப்படி வந்திருந்தால் அங்கே மீமுக்கு ஃபத்ஹு இருக்க, இங்கே கஸ்ரு ஆனது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. நான் முதல் விடையின் பக்கமே சாய்கிறேன். அப்படிச் சாய்ந்தாலும், பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமாகிய மிஹ்ராப் வந்து இடிக்கிறது ஹஜ்ரத்: அதுவும் இடம், அதுவும் 'மி', அங்கே உயர்த்துவதற்கு ஒன்றும் இல்லை.