பாட்டு முடிவதற்குள் ஊரே மாறிவிடும்

"மியூசிக்கல் படங்களில் திடீரென்று பாட ஆரம்பித்தாலே எனக்கு ஒட்டுவதில்லை. பாட்டு எப்படிக் கதையை நகர்த்தும்? எதிலிருந்து தொடங்கலாம்?"

பாப் ஃபாஸி இயக்கிய 'காபரே' (1972) பாருங்கள். கதை 1931 பெர்லினில் நடக்கிறது. இரவு விடுதி மேடையில்தான் பாடுவார்கள் என்பதால் உங்கள் உறுத்தல் இருக்காது. மேடைக்கு வெளியே ஆள் நின்று பாடுவது ஒரே இடத்தில், ஒரு பீர் தோட்டத்தில்.

அழகான பையன் ஒருவன் இனிமையாகப் பாடுகிறான். கேமரா மெல்லக் கீழே இறங்கினால் கையில் நாஜிப் பட்டை! ஒவ்வொருவராக எழுந்து கூடவே பாடுகிறார்கள். ஒரு முதியவர் மட்டும் எழவில்லை. நாஜிகளைப் பிறகு அடக்கிவிடலாம் என்று சொல்லிவந்த பணக்காரன் மாக்ஸிடம், இன்னும் அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று கூட வந்த நண்பன் பிரையன் கேட்கிறான். இந்தப் பாட்டை ஓட்டிவிட்டால் அந்தக் கேள்வியே புரியாது.

பிடித்திருந்தால் அடுத்தது 'ஒன்ஸ்' (2007). டப்ளின் தெருப்பாடகன் கதை என்பதால் அங்கேயும் பாடக் காரணம் உண்டு.