அறுபது லட்சம் லாபம்: எல்.எல்.பி.யா, பிரைவேட் லிமிடெட்டா?

கேள்வி: நானும் என் மைத்துனரும் போச்சம்பள்ளி அருகே மாங்கூழ் ஆலை தொடங்குகிறோம். எங்கள் சம்பளத்தைக் கழிக்கும் முன் ஆண்டுக்கு 60 லட்சம் லாபம் வரும் என்று கணித்திருக்கிறோம். எல்.எல்.பி.க்கு 31 சதவீதம் வரி, கம்பெனிக்கு 25 சதவீதம் என்கிறார்கள். அப்படியானால் கம்பெனிதானே நல்லது?

பதில்:

அந்த இரண்டு விகிதங்களும் சரியானவை. ஆனால் 31.2 சதவீதத்தைக் கட்டியதும் எல்.எல்.பி. லாபத்தின் வரிக் கணக்கு முடிந்துவிடுகிறது. கம்பெனி கட்டும் 25.168 சதவீதம் முதல் தவணை மட்டுமே. எல்.எல்.பி. வரி கட்டியபின் மிஞ்சும் லாபப் பங்கு கூட்டாளியின் கையில் முழுவதும் வரிவிலக்கு பெற்றது. கம்பெனியில் மிஞ்சுவதை டிவிடெண்டாக எடுத்தால், 2020 ஏப்ரலிலிருந்து அது பங்குதாரரின் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவருடைய அடுக்கின்படி மீண்டும் வரிக்கு உட்படுகிறது. நீங்கள் 30 சதவீத அடுக்கில் இருந்தால், கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எல்.எல்.பி. வழியாக 68 ரூபாய் 80 காசும், டிவிடெண்ட் வழியாக ஏறத்தாழ 51 ரூபாய் 50 காசும் வீடு வந்து சேரும்.

காவேரிப்பட்டினம் வட்டாரத்தில் ஆலைகளுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கை உங்கள் எண்களிலேயே தருகிறேன். 2025-26 நிதியாண்டின் விகிதங்கள், இருவருக்கும் சம பங்கு, இருவரும் ஆலையில் வேலை செய்கிறீர்கள், வேறு வருமானம் இல்லை, இருவரும் புதிய வரி முறையில் இருக்கிறீர்கள், போட்ட மூலதனத்துக்கு வட்டி எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்.எல்.பி.யில் வேலை செய்யும் கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் ஊதியம் செலவாகக் கழியும், ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம், அதற்கு மேற்பட்டதில் 60 சதவீதம். உங்கள் 60 லட்சத்துக்கு இது 37.80 லட்சம், அதாவது ஆளுக்கு 18.90 லட்சம். அந்த ஊதியத்தின் மேல் ஒவ்வொருவரும் கட்டும் வரி 1.85 லட்சம். மீதி 22.20 லட்சத்துக்கு எல்.எல்.பி. கட்டுவது 6.93 லட்சம். மொத்த வரி 10.63 லட்சம் போக, இருவரும் சேர்ந்து கடைசியில் வைத்துக்கொள்வது 49.37 லட்சம். ஊதியமே எடுக்காமல் முழு லாபத்தையும் பங்காக எடுத்திருந்தால் 41.28 லட்சம்தான் நின்றிருக்கும். எட்டு லட்ச ரூபாய் வித்தியாசம் ஊதியம் என்ற ஒரே ஏற்பாட்டில் இருக்கிறது.

இப்போது கம்பெனி. இதே 18.90 லட்சத்தை இயக்குநர் சம்பளமாக எடுத்தால், 75,000 ரூபாய் நிலைக்கழிவு கிடைப்பதால் தனிநபர் வரி சற்றுக் குறைந்து ஆளுக்கு 1.70 லட்சமாகும், கூட்டாளி ஊதியம் வணிக வருமானமாகக் கருதப்படுவதால் அங்கே அந்தக் கழிவு கிடையாது. மீதி 22.20 லட்சத்துக்குக் கம்பெனி 5.59 லட்சம் கட்டுகிறது. இதுவரை கம்பெனியே முந்துகிறது. ஆனால் மிஞ்சிய 16.61 லட்சத்தை டிவிடெண்டாகப் பிரித்த உடனே உங்கள் இருவரின் தனிநபர் வரி மேலும் 4.38 லட்சம் ஏறுகிறது, மொத்த வரி 13.36 லட்சமாகிறது, கையில் நிற்பது 46.64 லட்சமாகக் குறைகிறது. எல்.எல்.பி.யைவிட 2.73 லட்சம் நட்டம்.

இதோடு நிறுத்திக்கொண்டு எல்.எல்.பி.தான் என்று பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது அரைக் கணக்கு. பிரைவேட் லிமிடெட் இயக்குநரின் சம்பளத்துக்கு எல்.எல்.பி.யில் உள்ளதுபோன்ற சதவீத வரம்பு இல்லை. வேலைக்கும் சந்தை நிலவரத்துக்கும் பொருந்தாத அளவு மிகையாக இருந்தால் அந்த மிகையை வரி அதிகாரி மறுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே 60 லட்சத்தையும் ஆளுக்கு 30 லட்சமாகச் சம்பளமாகவே எடுத்துவிட்டால் கம்பெனிக்கு வரியே இல்லை. இருவரும் சேர்ந்து கட்டுவது 9.52 லட்சம், மிஞ்சுவது 50.48 லட்சம், எல்.எல்.பி.யைவிட 1.11 லட்சம் கூடுதல். காகிதத்தில் இது வெல்கிறது. நடைமுறையில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் ஆண்டுதோறும் லாபம் பூஜ்யம் என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பை வைத்துக்கொண்டு, ஜூனில் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கும்போது தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காக வங்கியிடம் கடன் வரம்பை உயர்த்திக் கேட்பது எளிதல்ல.

உண்மையில் உங்கள் தொழிலில் முடிவைத் தீர்மானிப்பதே அந்தப் பருவப் பணம்தான். சில வாரங்களில் காயை வாங்கிக் கூழாக்கி அடைத்து வைத்துவிட்டு, அதை ஆண்டு முழுவதும் விற்கிறீர்கள். சம்பளம் போக மீதியைத் தொடாமல் உள்ளேயே விடுவதாக இருந்தால், கம்பெனியில் 16.61 லட்சமும் எல்.எல்.பி.யில் 15.27 லட்சமும் அடுத்த பருவத்துக்கு மிஞ்சும். ஆண்டுக்கு 1.34 லட்சம் கம்பெனிக்குச் சாதகம். இதற்கு எதிரே, வெளியே எடுத்தால் 4.38 லட்சம் போகிறது என்பதை வைத்துப் பாருங்கள். லாபத்தைப் பல ஆண்டுகள் உள்ளேயே சுழலவிடும் உறுதி இருவருக்கும் இருந்தால் மட்டுமே கம்பெனியின் குறைந்த விகிதத்துக்கு மதிப்பு உண்டு. நடுவில் மகள் திருமணத்துக்கோ நிலம் வாங்கவோ கம்பெனியிலிருந்து கைமாற்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கம்பெனி தரும் கடன், அதன் சேர்த்துவைத்த லாபத்தின் அளவுக்கு டிவிடெண்டாகவே கருதி வரி விதிக்கப்படும். எல்.எல்.பி.யில் மூலதனக் கணக்கிலிருந்து எடுப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

எல்.எல்.பி. என்று முடிவு செய்தால் ஒப்பந்தப் பத்திரத்தின் வாசகத்தில் கவனமாக இருங்கள். என் தொடக்க காலத்தில், "ஊதியத்தைக் கூட்டாளிகள் அவ்வப்போது கலந்து பேசி முடிவு செய்வார்கள்" என்று மாதிரிப் பத்திரம் ஒன்றிலிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ இல்லாததால் ஊதியக் கழிவு முழுவதும் மறுக்கப்பட்டது. அதிலிருந்து "வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு, இருவருக்கும் சமமாக" என்று சூத்திரத்தையே எழுதிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல், கூட்டாளிக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியமோ வட்டியோ தந்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் இது பொருந்தும்.

உங்கள் எண்களுக்கு நான் எல்.எல்.பி.யையே சொல்வேன். ஒரு விதிவிலக்கு உண்டு: வேறு வருமானமில்லாத உங்கள் தாயார் தம் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கியிருந்தால், அவருக்கு வரும் டிவிடெண்ட் 12 லட்சம் வரை வரியின்றிப் போகும், அப்போது கம்பெனிக் கணக்கு வேறாகும்; மனைவிக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பங்கானால் அந்த வருமானம் உங்கள் பெயரிலேயே சேர்க்கப்படும். முதலில் கம்பெனி தொடங்கிப் பிறகு எல்.எல்.பி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அந்த மாற்றம் வரியில்லாமல் நடக்க, முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் லாபமே அவ்வளவு.